ஒரு சோடி எலியும் ஒரு வருசமும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வருசமும் ஜனவரி, பெப்ரவரியில்தான் நம் பக்கம் எலிப் பேச்சு பலமாகக் கேட்கும். பெரும்போக நெல் கதிர் வாங்கி நிற்கும் நேரம் அது. வயலில் வட்ட வட்டமாக வெட்டு விழும். லயத்துக் கூரையில் ராத்திரி முழுக்க ஓட்டம். அப்போதுதான் ஆட்கள் பதுளை டவுனுக்கு இறங்கி எலிப்பொறியும் மருந்தும் தேடுவார்கள். எங்கள் கணக்கில் அந்த வேலைக்கு உரிய நேரம் அதற்கு நாலைந்து மாதம் முந்தியே முடிந்துவிடுகிறது. அதனால்தான் எலியைப் பற்றி யாரும் பேசாத இந்த ஓகஸ்ட் மாதத்தில் இதை எழுதுகிறோம்.

முதலில் எலியின் உடம்பைப் பார்ப்போம். பெண் எலி சினைப்பட்டு ஏறக்குறைய 3 கிழமையில் ஈன்றுவிடும். ஒரு ஈற்றில் ஆறு, எட்டு, சிலவேளை பத்துக் குட்டி. ஈன்ற ஓரிரு நாளுக்குள்ளேயே அது மறுபடி சினைப்படலாம். ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும். குட்டிகள் மூன்று, நாலு கிழமையில் பால் மறந்து வெளியே வரும். மூன்று மாதம் ஆகும்போது அவையே தாயாகத் தயார்.

இதைப் பிள்ளைகளோடு கரும்பலகையில் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். வேண்டுமென்றே குறைவான எண்களாக எடுத்துக்கொண்டோம். ஒரு பெண் எலி 2 மாதத்துக்கு ஒரு தடவைதான் ஈனுகிறது. ஒரு ஈற்றில் பிழைப்பது 6 குட்டி மட்டும், பாதி ஆண், பாதி பெண். குட்டி பிறந்து 4 மாதத்தில் தன் முதல் ஈற்றை ஈனுகிறது. கணக்கு லேசாக இருக்க, வருசம் முடியும்வரை எதுவும் சாகவில்லை என்றும் வைத்துக்கொண்டோம்.

ஜனவரி முதலாம் திகதி ஒரு சோடி. பெப்ரவரி கடைசியில் தாய், தகப்பன், 6 குட்டி என்று 8. ஏப்ரல் கடைசியில் தாய் மட்டும்தான் மறுபடி ஈனும், ஆகவே 14. ஜூன் கடைசியில் தாயோடு மூத்த மகள்மார் மூவரும் சேர்ந்து ஈனுவார்கள். நாலு ஈற்றில் 24 குட்டி கூடி 38 ஆகிறது. அரை வருசம் போய்விட்டது, எலி 38 தான். ஒரு வீட்டுக்காரர் அங்கொன்றும் இங்கொன்றும் கண்டு, “எலி எங்கேதான் இல்லை” என்று விட்டுவிடும் அளவு.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் 80. ஒக்டோபர் கடைசியில் 194. டிசம்பர் கடைசியில் 434. முதல் ஆறு மாதத்தில் கூடியது 36, அடுத்த ஆறு மாதத்தில் கூடியது 396.

இனி ஒரே வீட்டில் இரண்டு விதமாக வேலை செய்து பார்ப்போம். முதலாவது ஆள் ஒக்டோபர் வரை பொறுத்து, சத்தம் தாங்காமல் எழும்பி, 194 இல் சரிபாதியைப் பிடிக்கிறார். 97 எலி! அந்தச் செய்தி லயம் முழுக்கப் பரவும். மிச்சம் 97. அவற்றில் வளர்ந்த பெண் எலிகள் இருபது இருக்கும். அவை ஈன்றால் டிசம்பர் கடைசியில் 217. அவர் பிடிக்கத் தொடங்கியபோது இருந்ததைவிட 23 கூட.

இரண்டாவது ஆள் பெப்ரவரி கடைசியில், 8 எலி இருக்கும்போது 6 ஐப் பிடிக்கிறார். கெட்டிக்காரக் கிழட்டுச் சோடி தப்பிவிடுகிறது. அந்தச் சோடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் டிசம்பர் கடைசியில் 194 தான் இருக்கும். ஆக, ஆறு எலியைப் பிடித்தவர் 97 ஐப் பிடித்தவரைவிட நல்ல இடத்தில் நிற்கிறார். அந்தப் பழைய சோடியையும் சேர்த்துப் பிடித்திருந்தால் கணக்கே இல்லை.

உண்மையில் எல்லாக் குட்டியும் பிழைக்காது என்பது சரி. பூனை, ஆந்தை, சாரைப்பாம்பு, பசி, நோய் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். (தோட்டத்தில் சாரையைக் கண்டதும் மம்பெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது விஷமில்லாத பாம்பு, எலி வளைக்குள்ளேயே இறங்கக்கூடியது.) ஆனால் இந்த உண்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சாப்பாடும் இடமும் அப்படியே இருக்க எலி மட்டும் பாதியானால், மிச்சப் பாதிக்கு இரட்டைச் சாப்பாடு. அதன் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். பிந்திப் பிடிக்கிறவரின் உழைப்பை இது இன்னும் கூடுதலாகத் தின்றுவிடும்.

சரி, நம் ஊவாவில் எலி குறைவாக இருக்கும் மாதம் எது? எலி வருசம் முழுக்க ஒரே சீராகப் பெருகுவதில்லை. வயல் எலியின் கலண்டர் நெற்பயிர்தான். பயிர் குடலைப் பருவத்துக்கு வரும்போது அதற்குச் சத்தான தீன் கிடைக்கத் தொடங்கும், இனப்பெருக்கமும் அப்போது சூடு பிடிக்கும். கதிர் முற்றும்போது வளைகள் குட்டிகளால் நிறைந்திருக்கும். அறுவடை முடிந்ததும் அந்தப் புதுக்கூட்டம் வைக்கோல் போருக்கும், நெல் வைக்கும் அறைக்கும், பக்கத்து வீடுகளுக்கும் ஒதுங்கும். மஹியங்கனைப் பக்கம் இது வருசத்துக்கு இரண்டு போகமும் நடக்கும். வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் நெல் அறுத்த வயலிலேயே உருளைக்கிழங்கு போடுவதால், நெல் போனாலும் எலிக்குக் கிழங்கு இருக்கிறது.

சிறுபோகம் முடிந்து, வயல் காய்ந்து, ஒக்டோபர் மழை இன்னும் இறங்காத இந்த இடைவெளிதான் எலிக்கு மெலிந்த காலம். தின்ன அதிகம் இல்லை, ஒளியப் பற்றையும் குறைவு. பசித்த எலி பொறியில் வைத்த கருவாட்டைத் தேடி வரும். ஜனவரியில் வயல் நிறையப் பால் பிடித்த நெல் இருக்கும்போது உங்கள் கருவாட்டை அது திரும்பியும் பார்க்காது.

இந்த இடைவெளியைத் தவறவிட்டால், விதைத்து முதல் இரண்டு மூன்று கிழமை வரை வயலில் இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டத்தில் எலி வெட்டிய பயிர் மறுபடி மட்டம் வெடித்து ஓரளவு ஈடு செய்துவிடும். குடலைக்குப் பிறகு வெட்டுப்பட்ட தண்டு போனது போனதுதான். அடியில் சரிவாகக் கத்தியால் சீவியது போல வெட்டு இருந்தால் அது எலி வேலை.

வரம்பில் எத்தனை எலி என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பின்னேரம் கண்ணில் பட்ட எல்லா வளை வாயையும் மண்ணால் மூடிவிடுங்கள். விடிய ஸுபஹு தொழுதுவிட்டுப் போய்ப் பாருங்கள். 20 வளை மூடி 5 திறந்திருந்தால், ஆள் இருப்பது அந்த ஐந்தில்தான், மற்றவற்றில் மினக்கெட வேண்டாம். பெருச்சாளிச் சாதியில் சின்னதான ஒரு எலி உண்டு, அது உள்ளே இருக்கும்போது தானே மண்ணால் வாயை அடைத்துக்கொள்ளும். புதுசாகத் தள்ளிய பொலபொல மண் கிடந்தால் அதையும் ஆளுள்ள வளையாகவே எண்ணுங்கள். கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கிறதும் அதுதான்.

லயத்தில் கதை வேறு. அங்கே அறைகள் வேறு வேறாக இருந்தாலும் கூரை ஒன்று. ஆறாம் நம்பர் வீட்டில் பொறி வைத்து நாலு எலி பிடித்தால், காலியான இடத்துக்கு ஐந்தாம் நம்பரிலிருந்தும் ஏழாம் நம்பரிலிருந்தும் எலி வரும். பிடித்தவருக்குப் பொறி வாங்கிய காசுதான் நட்டம். ஒரு லயத்தில் எல்லாக் குடும்பமும் ஒரே ராத்திரி பொறி வைப்பதுதான் வழி. வயலிலும் அப்படித்தான். ஒருத்தர் முந்தி விதைக்க, ஒருத்தர் ஒரு மாதம் பிந்தி விதைக்க, எலிக்குக் குடலைப் பருவம் நீண்டுகொண்டே போகிறது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடித்தால் அதற்கு இனம் பெருக்கக் கிடைக்கும் நாள் சுருங்கும்.

எலி புதுப் பொருளைக் கண்டால் பயப்படும். பொறியை வாங்கிய ராத்திரியே ஏற்றி வைத்தால் இளசுகள்தான் மாட்டும், ஈனுகிற தாய் எலி தள்ளி நின்று பார்க்கும். அதனால் மூன்று நாலு ராத்திரி பொறியை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ வைத்துத் தின்ன விடுங்கள். பிறகு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். சுவரோரமாக, இரை வைத்த பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். எலி நடுவீட்டில் ஓடாது, மீசை சுவரில் உரசத்தான் ஓடும். எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் ராத்திரி கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் கால் தடம் சொல்லும்.

மருந்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. உடனே கொல்லும் விஷத்தை எலி முதலில் துளியாகத் தின்று பார்க்கும். வயிறு கலங்கினால் பிறகு அந்தப் பக்கமே வராது. இரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும் மருந்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சாகக் கிடக்கும் எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும். சின்னப் பிள்ளைகள் தரையில் விளையாடும் லயத்தில் நாங்கள் பொறியைத்தான் சொல்வோம். எந்தப் பிள்ளையாவது மருந்தைத் தொட்டு வாயில் வைத்தால், ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காமல் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த மருந்து பல நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

பசைப் பலகை எங்களுக்குப் பிடிக்கவில்லை. எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. கொன்றாலும் வதைக்காமல் கொல்லச் சொன்னதும் அதே மார்க்கம்தான். ராத்திரி பாத்திரத்தை மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லும் ஹதீஸில் எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணமும் வருகிறது. மூடிய பாத்திரம் எலிக்குத் தீன் இல்லாத பாத்திரம் என்பது நம் குசினிக்கும் பொருந்தும்.

பிடித்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரில் இருக்கிறது. 2008 இல் இலங்கை முழுக்க 7,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் என்று பதிவானது. காலில் புண்ணோடு வயலில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே பீ.எச்.ஐ. ஐயாவைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. ஒரு தடவை பொறி வைத்து ஓய்ந்துவிடக் கூடாது. நீங்கள் பிடிக்கும் ராத்திரியில் சில கூடுகளில் குட்டிகள் இருக்கும். கண் திறக்காதவை தாய் இல்லாமல் செத்துவிடும். பால் மறக்கும் வயதில் இருப்பவை தப்பி, கொஞ்ச நாளில் தாங்களே இரை தேடி வெளியே வரும். ஆகவே ஓகஸ்ட் கடைசியில் ஒரு தடவை, சரியாக நாலு கிழமை விட்டு செப்டெம்பர் கடைசியில் இன்னொரு தடவை. இரண்டாம் தடவை மாட்டுவது பெரும்பாலும் சின்னதாக இருந்தால் முதல் தடவை தாய்மார் அகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுபடியும் பெரிய பெண் எலிகள், பால்காம்பு தெரிய மாட்டினால், பொறியை எடுத்து வைக்காமல் மழை இறங்கும்வரை விடுங்கள்.