பலூன் வேண்டாம், மூன்று விடைத்தாள் போதும்

செயலமர்வுகளில் பலூன் ஊதச் சொல்வார்கள். கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொல்வார்கள். இருபது வருடம் சேவை செய்த டீச்சரும் சிரித்துக்கொண்டே சாய்வார். மறுநாள் ஆசிரியர் அறையில் அதே மௌனம்தான். சாய்ந்தால் பிடிப்பார்களா என்பதல்ல அவரது சந்தேகம். தன் வேலையில் குறை கண்டால் வெளியே போய்ச் சொல்வார்களா என்பதுதான்.

தமிழ்ப்பாட ஆசிரியர்கள் ஐந்து பேர் நாங்கள் வேறொன்று செய்கிறோம். தரம் 10 பிள்ளைகளின் கட்டுரைகளில் மூன்றை, பெயரை மறைத்து, போட்டோக் கொப்பி எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் பேசாமல் 15க்குப் புள்ளியிட்டு, பேனையால் எழுதிவிட வேண்டும். பிறகு பகுதித் தலைவர் முதலில் தன் புள்ளியைச் சொல்வார். புதியவரை முதலில் கேட்டால் அது அவருக்குப் பரீட்சையாகிவிடும். சொன்ன புள்ளி அறையை விட்டு வெளியே போகக்கூடாது.

ஒரு கட்டுரைக்கு 6 முதல் 12 வரை வந்தது. 6 போட்டவர் பகுதித் தலைவரேதான், எழுத்துப்பிழைகளை எண்ணியிருந்தார். 12 போட்ட புதிய டீச்சர் பிள்ளை சொல்ல வந்ததைப் பார்த்திருந்தார். இரண்டாம் பந்தியை அவர் வாசித்துக் காட்டியதும், "நான் கொஞ்சம் இறுக்கிட்டன் போல" என்று சேர் 9 ஆக்கினார். அடுத்த கிழமை அந்த டீச்சர் தன் வகுப்புக் கட்டுக்களைத் தானாகவே கொண்டுவந்தார்.

அதிபர் கொப்பியும் பேனையுமாக வந்து உட்கார்ந்தால் எல்லாம் கெட்டது. 9, 9, 10 என்று புள்ளிகள் அழகாக ஒத்துப்போகும். அது ஒற்றுமையில்லை, பயம். நேரசூசியில் அநியாயம் இருந்தாலும் இது எடுபடாது; முதலில் நேரசூசியைத் திருத்துங்கள்.