இலட்சமா, இலட்சத்தா?

எங்கட நாட்டில் காசுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. இலக்கத்தில் எழுதும்போது 1,234,567 என்று மூன்று மூன்றாகக் காற்புள்ளி போடுவோம். வங்கிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும், காசோலையிலும் அப்படித்தான். வாயைத் திறந்தால் மட்டும் "பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம்" என்று வரும். இந்தியாவில் 12,34,567 என்று எழுதுவதால் காற்புள்ளி நிற்கிற இடத்தில் சொல்லும் பிரிகிறது. இங்கே அப்படி இல்லை. எங்கள் காற்புள்ளி மில்லியனைக் காட்டும், வாய் இலட்சத்தைச் சொல்லும்.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்தியின் அப்பா ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அவருடைய இன்வொய்ஸில் மொத்தத் தொகையைத் தமிழில் எழுத்தால் அச்சடிக்க ஒரு பங்ஷன் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். அவர் வைத்திருந்த மென்பொருள் ஆங்கிலத்தில் மில்லியன் என்று அடித்துக்கொண்டிருந்தது. "பிள்ளையள், சீமெந்து எடுக்க வாற மேசனுக்கு மில்லியன் எண்டா என்ன விளங்கும்? அவர் அதுக்குக் கீழ கையெழுத்தெல்லோ வைக்கிறார்" என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. எழுத்தில் போடுவதே, கையெழுத்து வைப்பவர் இலக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளத்தான். காசோலை விசயத்தில் எழுத்துக்கு இன்னும் பலம் கூட. இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செலுத்தவேண்டிய தொகை என்கிறது 1882ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம். 1927இல் இங்கே வந்த கட்டளைச் சட்டமும் அதைப் பின்பற்றியதுதான்.

கோடி, இலட்சம் என்று பிரிப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். அது வெறும் வகுத்தல். ஒரு கோடியால் வகுத்து ஈவை எடு, மீதியை இலட்சத்தால் வகு, அதன் மீதியை ஆயிரத்தால் வகு, பிறகு நூறால் வகு. ஆங்கில முறையில் ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு. எங்கட முறையில் ஆயிரத்துக்கு மேலே ஒவ்வொரு படியும் நூறு மடங்கு. வித்தியாசம் அவ்வளவுதான். பைதனில் `divmod` ஈவையும் மீதியையும் ஒன்றாகவே தந்துவிடும்.

```python
def eluthu(n):
    for alavu in (10000000, 100000, 1000, 100):
        if n >= alavu:
            mun, meethi = divmod(n, alavu)
            if meethi == 0:
                return inai(mun, alavu, "nirkum")
            return inai(mun, alavu, "thodarum") + " " + eluthu(meethi)
    return SOL[n]
```

1,234,567ஐ இதற்குள் விட்டுப் பார்ப்போம். கோடி இல்லை. இலட்சத்தால் வகுத்தால் ஈவு 12, மீதி 34,567. மீதியை அதே பங்ஷனுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆயிரத்தால் வகுத்தால் 34, மீதி 567. நூறால் வகுத்தால் 5, மீதி 67. நூறுக்குக் குறைந்தது வந்ததும் `SOL` என்ற பட்டியலில் இருந்து சொல்லை நேரே எடுக்கிறது. இந்தப் பட்டியலில் பூச்சியம் முதல் தொண்ணூற்றொன்பது வரை நூறு சொற்களையும் கையால் தட்டெழுதினோம். இருபதையும் மூன்றையும் சேர்க்க ஒரு விதி, இருபதையும் ஐந்தையும் சேர்க்க இன்னொரு விதி என்று எழுதியிருக்கலாம். ஆனால் பட்டியலாக இருந்தால் செய்நிரல் தெரியாத ஒருவரும் வாசித்துப் பிழை பார்க்கலாம். நண்பியின் அம்மா பார்த்துத் தந்தார்.

உண்மையான வேலை `nirkum`, `thodarum` என்ற இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணுப்பெயர் எங்கே வந்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தமிழில் பின்னால் ஏதாவது வருகுதா இல்லையா என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறும். பத்து இலட்சம் என்றால் அதோடு சரி. பத்து இலட்சத்து என்றால் இன்னும் இருக்கிறது. நூறு என்றால் முடிந்தது, நூற்று என்றால் முடியவில்லை. கோடி நிற்கும், கோடியே தொடரும். மரம் மரத்து ஆகிறது, ஆறு ஆற்று ஆகிறது என்று பாடசாலையில் படித்தோமே, அதே மாற்றம்தான் இங்கே காசுக்கு நடக்கிறது. ஆகவே மகரத்தில் முடியும் இலட்சம், ஆயிரம் இரண்டுக்கும் ஒரே விதி போதும்: "ம்" போய் "த்து" வரும்.

எப்போது எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பது மீதி. அடுத்த படியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானித்தால் பிழைக்கும். 100,005ஐ எடுங்கள். இலட்சத்துக்கு அடுத்த படியான ஆயிரத்தில் பூச்சியம், நூறிலும் பூச்சியம். அதைப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று முடிவெடுக்கும் பங்ஷன் "ஒரு இலட்சம் ஐந்து" என்று அடிக்கும். வாசிப்பவருக்கு அது ஏதோ இரண்டு தொகை போலத் தெரியும். `meethi` என்பதையே கேட்டால் 5 இருக்கிறது, "ஒரு இலட்சத்து ஐந்து" என்று சரியாக வரும். மீதி முழுவதும் பூச்சியமானால் மட்டுமே சொல் நிற்கலாம்.

அடுத்தது `inai`. எண்ணையும் அலகையும் இணைப்பது அதன் வேலை. இலட்சத்துக்கும் கோடிக்கும் சிக்கல் குறைவு, ஒன்று மட்டும் ஒரு ஆகவேண்டும்: ஒரு கோடி, பதினொரு இலட்சம், இருபத்தொரு இலட்சம். எங்களில் தமிழ் சிறப்புப் பாடம் செய்கிறவன், இலட்சம் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஓர் இலட்சம் என்றுதான் வரவேண்டும் என்று நின்றான். கடைக்காரர் "ஓர் லட்சம் எண்டு ஆரும் கதைக்கிறேல்ல தம்பி" என்றதோடு ஒரு நின்றுவிட்டது. அவன் இன்னும் சமாதானமாகவில்லை. கோடிக்கு மட்டும் இன்னொரு விசயம் உண்டு. அதற்கு மேலே படி இல்லாததால் முன்னால் 150கூட வரலாம். அப்போது அந்த 150ஐயும் `eluthu` வழியாகவே அனுப்பினால் நூற்று ஐம்பது கோடி என்று வரும்.

ஆயிரம் அப்படியில்லை, அது முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு ஆயிரம் என்று எழுதமாட்டோம், பன்னிரண்டாயிரம். இங்கே தமிழ் எங்களுக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எல்லாச் சொல்லும் உகரத்திலேயே முடிகிறது. பின்னால் உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். ஏழு குற்றியலுகரம் இல்லை, ஆனாலும் ஏழாயிரம் என்று அதே வழியில்தான் போகிறது. கணினிக்கு பன்னிரண்டு என்பதன் கடைசி எழுத்து இரண்டு துண்டு: ட, அதன் பிறகு உகரக் குறி. குறியை வெட்டிவிட்டு, ஆ என்ற எழுத்துக்குப் பதிலாக அதன் துணைக்காலில் தொடங்கும் துண்டை ஒட்டினால் சொல் கிடைத்துவிடும்.

```python
sol = SOL[mun][:-1] + "ாயிரம்"
```

தனியே பார்க்கும்போது அந்தத் துண்டு திரையில் ஒரு புள்ளி வட்டத்தோடு விகாரமாகத் தெரியும், ஒட்டியதும் சரியாகிவிடும். விதிக்கு அடங்காதவை சில. ஒன்று ஓராயிரம் ஆகும், பதினொன்று பதினோராயிரம், இருபத்தொன்று இருபத்தோராயிரம். மூன்றும் ஐந்தும் தனியே வரும்போது மூவாயிரம், ஐயாயிரம். இவற்றை முதலில் பார்த்துவிட்டு மிச்சத்தை விதியிடம் விட்டோம்.

நூறுகளுக்கு விதியே தேடவில்லை. இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கடைசியில் 900 வந்து தொள்ளாயிரம் என்கிறது, பெயரில் ஆயிரம், பெறுமதியில் நூறு. ஒன்பது வரிப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நிற்கும் வடிவம் ஒன்று, தொடரும் வடிவம் ஒன்று. அதோடு விட்டோம்.

சதத்தைப் பின்னத்தோடு பெருக்கி எடுக்கக் கூடாது. பைதனில் `int(19.99 * 100)` என்று கேட்டால் 1998 வரும், 1999 இல்லை. கணினி 19.99ஐத் துல்லியமாக வைத்திருக்க முடியாததால் பெருக்கல் 1999க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது, `int` மிச்சத்தை வெட்டுகிறது. அதனால் முழுத் தொகையையும் சதத்தில் முழு எண்ணாகவே வைத்து, கடைசியில் நூறால் வகுத்தோம். 123456750 சதம் இப்படி வந்தது: ரூபா பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழும் சதம் ஐம்பதும் மாத்திரம்.

சரிபார்க்க, ஒன்று முதல் ஒரு இலட்சம் வரை எல்லாவற்றையும் அடிக்கவைத்து இரண்டு கேள்வி கேட்டோம். இரண்டு தொகைக்கு ஒரே எழுத்து வந்திருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரு `set`இல் போட்டு எண்ணினால் ஒரு இலட்சம் இருக்கவேண்டும், குறைந்தால் எங்கேயோ இரண்டு தொகை ஒன்றாகிவிட்டது. தொடரும் வடிவத்தில் எதுவும் முடிகிறதா? இதைத் தேடும்போது "த்து" என்று மட்டும் தேடினால் பாவம் பத்தும் மாட்டிக்கொள்ளும். "ரத்து", "சத்து", "ற்று" என்று தேடவேண்டும். இலட்சத்துக்கு மேலே 1,000,000, 1,100,000, 10,000,000 போன்ற சிலவற்றைக் கண்ணால் வாசித்தோம்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், நிற்கும் வடிவம் ஒரு பூட்டு. "பத்து இலட்சம்" என்று அச்சடித்த பின்னர் யாராவது "ஐம்பதாயிரம்" என்று பக்கத்தில் சேர்க்க நினைத்தால், இலட்சத்தை இலட்சத்து ஆக்காமல் சேர்க்க முடியாது. பின்னால் மாத்திரம் இருப்பதால் இடமும் இல்லை. முன்னால் ரூபா இடைவெளியில்லாமல் நிற்பதால் ஐந்து இலட்சத்தின் முன் இருபத்து என்று நுழைக்கவும் முடியாது. பங்ஷன் ஒரு இடத்தில் "இலட்சம் ஐந்து" என்று அடித்துப் பழக்கிவிட்டால், வாசிப்பவர் அதையும் சரி என்று ஏற்கப் பழகிவிடுவார். பிறகு பூட்டு இருந்தும் பயனில்லை.

இலக்கத்தில் காற்புள்ளியை நாங்கள் மாற்றவில்லை. வங்கிக்கு அது மூன்று மூன்றாகத்தான் வேண்டும். பங்ஷன் காற்புள்ளியைப் பார்ப்பதுமில்லை, எண்ணை மட்டும் எடுக்கிறது. இப்போது பில்லில் மேலே 1,234,567.50, கீழே பன்னிரண்டு இலட்சம். மேசன் பில்லை வாங்கினால் வலப்பக்கமிருந்து ஏழு இலக்கத்தை விரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறார். பன்னிரண்டு. சரி என்று பேனையை எடுக்கிறார்.