வாப்பாவின் வெங்காயத் தோட்டம் புத்தளத்தில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. போனில் படங்கள் நிறைந்து கிடக்கும் எல்லோருக்கும், குறிப்பாக மௌத்தானவர்களின் போனை அலுமாரியில் வைத்திருப்பவர்களுக்கு, உதவும் என்று எழுதுகிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு அவருடைய போன் என் கையில் வந்தது. அதில் 2,140 படங்கள். பாதிக்கு மேல், சரியாக 1,300, வாட்ஸ்அப்பில் வந்தவை. மீதி 840 படங்களை வாப்பாவே எடுத்திருக்கிறார். வெங்காயப் பாத்தி, மிளகாய்க் கன்று, பேரப்பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து ஜன்னல். எல்லாம் ஒரே குவியல். உம்மாவுக்கு அதைப் பார்க்க ஆசை, ஆனால் பார்க்கத் தைரியம் இல்லை. தோட்டத்துப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததாக ஆஸ்பத்திரிப் படம் வந்துவிடும். உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அதனால் படங்களை இடம் இடமாகப் பிரித்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோப்புறை வைக்க நினைத்தேன். இருப்பிட வசதி திறந்திருக்கும்போது எடுக்கும் படத்துக்குள், எடுத்த இடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் போன் எழுதிவைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோப்புக்குள் இருக்கும். ExifTool என்ற இலவச மென்பொருள் ஒரே வரியில் எல்லாப் படங்களிலும் இருந்து அதை எடுத்து ஒரு அட்டவணையாகத் தரும்:

```
exiftool -csv -n -r -GPSLatitude -GPSLongitude photos > gps.csv
```

இதில் `-n` முக்கியம். அது இல்லாவிட்டால் பாகை, கலை, விகலை என்று எழுத்தாக வரும். அது இருந்தால் 8.12, 79.72 என்று கணக்குப் போடக்கூடிய எண்ணாக வரும்.

வாட்ஸ்அப் படங்கள் 1,300இலும் ஒன்றும் இல்லை. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இடத்தகவலை நீக்கிவிடும். கோப்பின் பெயரில் IMG-20230412-WA0007 என்பதுபோல் திகதி மட்டும் மிஞ்சும். வாப்பா எடுத்ததிலும் 90 படங்களில் இல்லை, அந்நேரம் இருப்பிட வசதி மூடியிருந்திருக்கிறது. ஆக 750 படங்கள் தேறின.

அடுத்தது, எண்ணை ஊர்ப் பெயராக மாற்றுவது. வீட்டில் இணையம் ஒழுங்காக வராது. வந்தாலும் வாப்பாவின் 750 இடங்களை யாரோ ஒருவருடைய சேவைக்கு அனுப்ப விருப்பமில்லை. இணையம் இல்லாமலே செய்யலாம். GeoNames என்ற இலவசத் தரவுத்தளம் உலக ஊர்களின் பெயரையும் ஆள்கூறையும் பட்டியலாகத் தருகிறது. சனத்தொகை 500, 1000, 5000, 15000 இற்கு மேற்பட்டவை என்று தனித்தனிக் கோப்புகள் உண்டு. அதை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். படத்தின் எண்ணுக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, எது குறைவோ அந்த ஊரின் பெயரைக் கோப்புறைக்கு வைக்கலாம். நான் சிறியது போதும் என்று 15000 பட்டியலை எடுத்தேன்.

இரவு ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 750இல் 702 படங்கள் "புத்தளம்" கோப்புறையில்! மீதி 48 கொழும்பு, குருணாகல், சிலாபம். திறந்து உம்மாவிடம் காட்டினேன். முதலாவது வெங்காயத் தோட்டம். உம்மா பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மகன், வாப்பா எப்ப புத்தளத்துல வெங்காயம் நட்டாரு?"

அடுத்த படம் ஆஸ்பத்திரி. அதுதான் உண்மையில் புத்தளம். பழையபடி இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

கணினி பிழைவிடவில்லை. நான் கொடுத்த பட்டியலில் எத்தாளை இல்லை, கற்பிட்டியும் இல்லை. இல்லாத ஊரை அது சொல்லாது. "தெரியாது" என்றும் சொல்லாது. இருப்பதில் கிட்டியதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும். இந்த முறையின் பெரிய ஆபத்து இதுதான்: எப்போதும் ஒரு பதில் வரும், அதைப் பார்த்துப் பிழை என்று தெரியாது.

சரி, கற்பிட்டியைச் சேர்த்தால் தீருமா என்று பார்த்தேன். நம் தோட்டத்தை 8.12, 79.72 என்று வைத்துக்கொள்ளுங்கள் (சரியான எண்ணை வேண்டுமென்றே சொல்லவில்லை). புத்தளம் சுமார் 8.04, 79.83. கற்பிட்டி சுமார் 8.23, 79.77. தூரம் பார்க்கும் கணக்கு இவ்வளவுதான்:

```
import math
def km(a, b, c, d):
    x = (d - b) * math.cos(math.radians((a + c) / 2))
    return 111.2 * math.hypot(c - a, x)
```

ஒரு பாகை அகலக்கோடு ஏறத்தாழ 111 கிலோமீற்றர். நெடுங்கோட்டுப் பாகை துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கும், அதற்குத்தான் அந்த `cos`. நமது பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. லண்டனில் ஒரு நெடுங்கோட்டுப் பாகை சுமார் 69 கிலோமீற்றர்தான். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் அந்த வரியை விட்டுவிட்டால் பெயர்கள் மாறிப்போகும்.

விடை: தோட்டத்தில் இருந்து கற்பிட்டி 13½ கிலோமீற்றர், புத்தளம் 15 கிலோமீற்றர். கற்பிட்டி வென்றது, ஆனால் ஒன்றரைக் கிலோமீற்றரில். அதே நெடுங்கோட்டில் 8.10 வரை, அதாவது இரண்டு கிலோமீற்றர் தெற்கே, போனால் புத்தளம் 14க்குக் கீழே வந்து, கற்பிட்டி 15½ ஆகிறது. பெயர் திரும்பவும் புத்தளம். ஒரே வீதியில் நடந்துகொண்டே எடுத்த படங்கள் இரண்டு ஊருக்குப் பிரிந்துபோகும்.

ஏன் இப்படி? புத்தளம் நமக்கு நேர்க்கோட்டில்தான் 15 கிலோமீற்றர். அந்தக் கோடு களப்பின் மேலால் போகிறது. பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியும், பாலாவிச் சந்தி வரை தெற்கே இறங்கி, பிறகு வடக்கே ஏற வேண்டும். தண்ணீர் எது, தரை எது என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. களப்போ ஆறோ மலையோ நடுவில் உள்ள எந்த ஊரிலும் இதே சிக்கல் வரும்.

அதனால் நான் இரண்டு அடுக்காக மாற்றினேன். முதல் அடுக்கு, என் கையால் எழுதிய பட்டியல்: எத்தாளை, நுரைச்சோலை, மாம்புரி, தலவில, கற்பிட்டி என்று வாப்பா நடமாடிய இடங்கள். பெயரைத் தமிழிலேயே எழுதினேன், கோப்புறைக்கும் அதே பெயர் வரும். எண்ணுக்கு வரைபடத்தை நம்பவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஒரு படம் எடுத்து, அதில் இருந்தே எடுத்தேன். எத்தாளை நீளமான ஊர் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு புள்ளிகள், ஒரே பெயர். இந்தப் பட்டியலுக்கு 4 கிலோமீற்றர் எல்லை வைத்தேன். அதற்குள் ஒன்றும் இல்லையென்றால்தான் இரண்டாம் அடுக்கான நகரப் பட்டியலுக்குப் போகும். அதற்கு 40 கிலோமீற்றர் எல்லை. அதற்குள்ளும் இல்லையென்றால் "கையால் பார்க்க" என்ற கோப்புறை.

இப்போது 702 படங்கள் இப்படிப் பிரிந்தன: எத்தாளை 551, கற்பிட்டி 41, நுரைச்சோலை 33, மற்றக் கிராமங்கள் 20, புத்தளம் 57.

முடிந்தது என்று நினைத்தேன். ராத்தா பார்த்துவிட்டு, "தம்பி, நுரைச்சோலைல ஏது ஆஸ்பத்திரிக் கட்டில்?" என்றார். உண்மைதான், கட்டில் படங்கள் ஆறு நுரைச்சோலையில் கிடந்தன. ஆறிலும் ஆள்கூறு கடைசி இலக்கம் வரை ஒன்றே. கையில் பிடித்து எடுக்கும் போனில் அப்படி வராது, சில மீற்றராவது அசையும். காரணம், கட்டடத்துக்குள் செய்மதிச் சமிக்ஞை கிடைக்காதபோது, வழியில் கடைசியாகத் தெரிந்த இடத்தையே போன் எழுதியிருக்கிறது. இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. படத்துக்குள் GPSTimeStamp என்று இன்னொரு நேரம் இருக்கும். அது கிறீன்விச் நேரம். அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் படம் எடுத்த நேரம் வர வேண்டும். அந்த ஆறிலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியிருந்தது. அவற்றைக் கையால் புத்தளத்துக்கு மாற்றினேன்.

ஆள்கூறு 0, 0 என்று இருந்தாலும் கவனியுங்கள். அது ஆபிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். போன் இடம் கிடைக்காமல் வெறுமையை எழுதியது என்று அர்த்தம். எல்லை வைக்காவிட்டால் அதற்கும் ஓர் ஊர்ப் பெயர் வந்துவிடும்.

செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விடயம். படங்களை நகர்த்தாதீர்கள், பிரதி எடுத்துப் பிரியுங்கள். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். மற்றது, பிரித்த கோப்புறையைக் குடும்பத்துக்கு அனுப்பும்போது யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் "ஆவணம்" என்று அனுப்பினால் இடத்தகவல் போகாது, அப்படியே சேர்ந்துபோகும். வீட்டு வாசல் வரை வழி காட்டும். பிள்ளைகளின் படமென்றால் முதலில் பிரதியில் இருந்து நீக்குங்கள்:

```
exiftool -gps:all= photo.jpg
```

இது photo.jpg_original என்று பழைய கோப்பையும் பக்கத்தில் வைக்கும். அதைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு உம்மா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். "எத்தாளை" கோப்புறையைத் திறந்து கொடுத்தேன். 551 படம், அதில் ஒரு கட்டிலும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பாத்தியைக் காட்டி, இது எந்தப் போகம், அந்த வருசம் என்ன விலைக்குப் போனது என்றெல்லாம் சொன்னார். எனக்கு அது ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை, இப்போது எழுதி வைத்திருக்கிறேன். இஷா அதான் சொல்லும் வரைக்கும் எழும்பவில்லை.

"புத்தளம்" கோப்புறையும் பக்கத்திலேயே இருக்கிறது. உம்மா அதைத் திறக்கவில்லை. திறக்கும் நாள் அவருடைய விருப்பம்.

வாப்பாவுக்காக துஆ செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்துச் சிறிய ஊர்களின் பட்டியலை எல்லோருக்குமாக ஒன்றாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன். உங்கள் சந்தியில் நின்று எடுத்த ஆள்கூறையும், ஊர்ப் பெயரை நீங்கள் எழுதும் விதத்தையும் அனுப்புங்கள். வீட்டு ஆள்கூறு வேண்டாம், சந்தி போதும்.