முதல் வரியில் கேட்டிருந்தால்…

என் மாமாவின் கண் ஆபரேஷன் ஏழு வாரம் தள்ளிப் போனதற்கு நான்தான் காரணம். அத்தை இன்றுவரை அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். வானொலியில் என் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசியைப் பாட்டு ஓடும் இடைவெளியில் திருப்பிப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து அத்தை புலனத்தில் எழுதியிருந்தார். திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: “வணக்கம்மா. நல்லா இருக்கியா? மாப்பிள்ளை, பிள்ளை எல்லாம் சுகமா? போன சனிக்கிழமை நீ ரேடியோவுல…”

அன்பான விசாரிப்பு, அவசரம் இல்லை, நிதானமாகப் பதில் போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு வேலை முடிந்து கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டிக்குக் காத்திருந்தபோது அந்தச் செய்தியைத் திறந்தேன். நீளமான செய்தி. பாதியில் புலனமே அதை வெட்டி, ‘மேலும் படிக்க’ என்று காட்டியது. மாமாவுக்குக் கண் மங்கலாகிவிட்டது என்ற இடம்வரை படித்தேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மகன் தூங்காமல் விழித்திருந்தான். அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிட்டது.

வெட்டப்பட்ட பகுதிக்குள் இது இருந்தது: “டாக்டர் புரைன்னு சொல்லிட்டாரு. வியாழக்கிழமை ஆபரேஷன். கூட ஒரு ஆள் கண்டிப்பா வரணுமாம். பெரியவன் ஜொகூர்ல இருக்கான், சின்னவனுக்கு லீவு கிடைக்கல, பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரையும் நான்தான் பார்த்துக்கணும். அதனால உனக்குக் காலையில வேலை இல்லாம இருந்தா மாமாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுமான்னு பாரும்மா. ஏழரைக்கு அங்க இருக்கணும். முடியலைன்னா பரவால்ல.”

அத்தை கைப்பேசியில் நீல டிக் விழுந்துவிட்டது. ‘பார்த்துவிட்டாள், முடியாது என்றால் சொல்லியிருப்பாள்’ என்று அவர் நம்பிக்கொண்டார். செய்தி திறக்கப்பட்டது என்று மட்டுமே நீல டிக் சொல்லும். கடைசி வரிவரை படிக்கப்பட்டதா என்று அதற்குத் தெரியாது.

வியாழன் காலை ஏழு மணிக்கு மாமா சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். நான் கைப்பேசியை அமைதியில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தனியாக ஒரு வாடகைக் காரில் போய்ச் சேர, நேரமும் தாண்டிவிட்டது, கூட ஆளும் இல்லை. வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வெள்ளி நோட்டை ஐந்து வெள்ளி என்று பசாரில் நீட்டிய மனிதர், மேலும் ஏழு வாரம் அதே கண்ணோடுதான் நடமாடினார்.

அன்று சாயங்காலம் கிள்ளானுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நீ என்னம்மா பண்ணுவ, வேலை” என்று சொல்லி அத்தை தேநீர் கலந்து கொடுத்தார். வரும் வழியெல்லாம் யோசித்தேன். படிக்காமல் விட்டது என் தப்பு. ஆனால் நானும் இப்படித்தான் எழுதுகிறேன். நம் வீடுகளில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறோம். ஏன்?

முதல் காரணம் கடிதம். ‘இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, மழை, கோயில் திருவிழா, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் சொல்லிவிட்டு, இடம் தீர்ந்துபோன கடைசி மடிப்பில் நுணுக்கி நுணுக்கி ‘முடிந்தால் கொஞ்சம் பணம் அனுப்பவும்’ என்று எழுதிய தலைமுறை நம்முடையது. அது அன்றைக்குச் சரியாக வேலை செய்தது. மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதை வீடே கூடி, ஒருவர் உரக்க வாசிக்க, மூன்று முறை கேட்கும். கடைசி வரி யார் கண்ணுக்கும் தப்பாது. இன்றைக்கு வரும் செய்தியோ குடும்பக் குழு, பள்ளிக் குழு, அலுவலகக் குழு எல்லாவற்றுக்கும் நடுவில் வருகிறது. முதல் வரியைப் பார்த்துத்தான் இப்போதா, பிறகா என்று முடிவு செய்கிறோம்.

இரண்டாவது காரணம் நம் மொழியின் அமைப்பு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘அவனுக்கு லீவு இல்லாததால், எனக்கு முட்டி வலிப்பதால், நீ வர முடியுமா?’ என்று காரணங்களை வரிசையாகக் கோத்துவிட்டுக் கேள்வியைக் கடைசியில் வைப்பது நமக்கு இயல்பாக வருகிறது. ஒரு வாக்கியத்தில் அது அழகுதான். இருபது வரிச் செய்தியையும் அதே அச்சில் வார்க்கும்போதுதான் கேள்வி காணாமல் போகிறது. அதனால் வேண்டுகோளைத் தனி வாக்கியமாகப் பிரித்து மேலே ஏற்ற வேண்டும். காரணத்தை அதற்குக் கீழே புதிதாகத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, கூச்சம். எடுத்த எடுப்பில் கேட்டால் காரியத்துக்காகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

ஆனால் இந்த முறை நமக்குப் புதிதல்ல. தமிழ்ப்பள்ளியில் அலுவல் கடிதம் எழுதியவர்கள் நினைத்துப் பாருங்கள். ‘ஐயா’ என்று விளித்தவுடன், அடுத்த வரியில் ‘ஐந்து நாள் விடுமுறை கோருதல்’ என்று எழுதி அடிக்கோடு போடுவோம். மலாய்க் கடிதத்திலும் அப்படித்தான். காரணமெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்பின் தெரியாத அதிகாரிக்குச் செய்துகொடுக்கும் அந்த வசதியைச் சொந்த அண்ணன் மகளுக்குச் செய்ய நமக்குத் தோன்றுவதில்லை.

அத்தையின் செய்தியையே எடுத்துத் திருப்பி எழுதிப் பார்த்தேன்:

“வணக்கம்மா. வியாழக்கிழமை, 14ஆம் தேதி, காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து மாமாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? மத்தியானம் வரைக்கும் கூட இருக்கணும். முடியுமா முடியாதான்னு நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்லும்மா. இல்லன்னா பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டுக்கறேன்.”

இதற்குக் கீழே ஜொகூர், லீவு, பேரப்பிள்ளைகள், ஐம்பது வெள்ளி நோட்டு, என் நிகழ்ச்சி பற்றிய பாராட்டு எல்லாம் அப்படியே இருக்கலாம். ஒரு வரியைக்கூட வெட்டத் தேவையில்லை.

‘வணக்கம்மா’ என்பதையும் நான் எடுக்கவில்லை. அது என் தொழில் சொல்லிக்கொடுத்தது. வானொலியில் முதல் ஓரிரு சொற்கள் காதில் சரியாக விழாது. நேயர் அப்போதுதான் காதைத் திருப்புவார். அதனால் முக்கியமான சொல்லை முதல் சொல்லாக வைக்கமாட்டோம். ‘கிள்ளானில்’ என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, உடனே விஷயத்துக்கு வந்துவிடுவோம். செய்தியில் அந்த வேலையைச் செய்வது விளிப்பும் வணக்கமும். அதற்கு மேல் நீண்டால் திரையில் தெரியும் இடத்தை அதுவே தின்றுவிடும்.

இந்த இரண்டாவது வடிவத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. இதில்தான் எனக்கு ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருக்கிறது. நாளை இரவுக்குள் சொன்னால் போதும், பக்கத்து வீட்டுத் தம்பி இருக்கிறார். பழைய செய்தியில் ‘முடியலைன்னா பரவால்ல’ என்று இருந்தாலும், எப்போதுக்குள் சொல்ல வேண்டும் என்று இல்லை, முடியாவிட்டால் என்ன ஏற்பாடு என்றும் இல்லை. கஷ்டங்களையெல்லாம் படித்து முடித்தபின் வரும் வேண்டுகோளை மறுப்பதும் சுலபமில்லை. அப்படிப் பார்த்தால் முதலிலேயே கேட்பதுதான் மரியாதை.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வரியை விட்டுவிட்டு மீதியைக் கையால் மறைத்துக்கொள்வேன். அதை மட்டும் படித்தவர் ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்று பதில் சொல்ல முடியுமா? முடியவில்லை என்றால் ஏதோ குறைகிறது. பெரும்பாலும் குறைவது நாளும் நேரமும்தான்.

‘ஒரு உதவி வேணும்’ என்று முதல் வரியில் போட்டுவிட்டுக் கதையைத் தொடங்குகிறவர்கள் இந்தச் சோதனையில் தேறமாட்டார்கள். அது வேண்டுகோள் இல்லை, வேண்டுகோள் வருகிறது என்ற அறிவிப்பு. படிப்பவருக்கு வயிற்றைக் கலக்குவதுதான் மிச்சம். கடன் கேட்பதென்றாலும் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதேபோல், செய்தியைத் துண்டு துண்டாக அனுப்புவதும் சிக்கல். புலனத்தின் பட்டியலில் கடைசியாக வந்த துண்டுதான் தெரியும். முதலில் கேள்வியைக் கேட்டுவிட்டு, தனித்தனியாக ஆறு துண்டுகள் அனுப்பினால், ‘சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ’ என்பதுதான் மேலே நிற்கும். ஒரே செய்தியாக அனுப்புவதே மேல். குரல் பதிவு அனுப்பினால் எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் தெரியும். பேசுவதுதான் வசதி என்றால் தாராளமாகப் பேசுங்கள். அனுப்பி முடித்ததும் கீழே வேண்டுகோளை மட்டும் ஒரு வரியாகத் தட்டிவிடுங்கள்.

எல்லாச் செய்திக்கும் இது பொருந்தாது. துக்கம் விசாரிக்கும்போதும் மன்னிப்புக் கேட்கும்போதும் நாம் எதையும் கோருவதில்லை. அங்கே சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டு போகலாம். பயமுறுத்தக்கூடிய வேண்டுகோளென்றால் அதற்கும் முன்னால் ஒரு சொல் தேவை. ‘உடனே ஆஸ்பத்திரிக்கு வா’ என்று தொடங்குவதற்கும், ‘மாமா நல்லா இருக்காரு. வீட்டுக்கு அனுப்பறாங்க, நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து கூட்டிட்டுப் போறியா?’ என்று கேட்பதற்கும் இடையில் ஒருவர் எப்படிக் காரோட்டி வருவார் என்ற வித்தியாசம் இருக்கிறது.

ஏழு வாரம் கழித்து மாமாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருந்த நேரத்தில் என் கைப்பேசியில் அந்த இரண்டு வடிவங்களையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டவர், “உன் அத்தைகிட்ட காட்டாதே, மூணு நாளைக்குப் பேசமாட்டா” என்றார். காட்டவில்லை. அவரே காட்டிவிட்டார் போலிருக்கிறது.

போன வாரம் அத்தையிடமிருந்து செய்தி வந்தது. நிகழ்ச்சியின் நடுவில் திரையில் தெரிந்தது இது: “வணக்கம்மா. ஞாயிறு மத்தியானம் 1 மணிக்கு எல்லாரும் சாப்பிட வாங்க. வெள்ளிக்குள்ள சொல்லு, நண்டு வாங்கணும்.”

பாட்டு முடிவதற்குள் ‘வர்றோம் அத்தை’ என்று தட்டிவிட்டேன். மீதி இருபத்திரண்டு வரிகளை எல்ஆர்டியில் போகும்போது படித்தேன். மாமா இப்போது பசாரில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாராம்.