சவூதியில் கார் வாங்கப் போகும் சுருவில் பிள்ளைகளுக்கு

சுருவிலில் படிப்பிக்க வருமுன் நாங்கள் குடும்பமாக மூன்று வருடம் ரியாத்தில் இருந்தோம். அங்கே ஒரு பழைய கொரோலா வாங்கினோம். விற்கிற வேலையைக் கடைசி இரண்டு வாரத்துக்கு விட்டதுதான் எங்கள் பிழை.

எங்கள் பெயரில் வாகனம் இருக்கும்வரை ஃபைனல் எக்ஸிட் கிடைக்காது. பெயர் மாற்றப் போனால் ஃபஹ்ஸ் என்ற வாகனப் பரிசோதனை முடிந்துபோயிருந்தது, கட்டாத தண்டப்பணமும் கிடந்தது. இரண்டையும் தீர்ப்பதற்குள் பயணத் திகதி நெருங்கிவிட்டது. எங்கள் அவசரம் தெரிந்த ஆள் பேசிய விலையில் கால்வாசியைக் குறைத்தார். கொடுத்துவிட்டு வந்தோம்.

நீங்கள் மூன்று மாதம் முந்தியே தண்டப்பணத்தை அப்ஷிரில் பார்த்துக் கட்டுங்கள், பரிசோதனையைப் புதுப்பியுங்கள், பிறகு விலை பேசுங்கள். பெயர் மாறாமல் திறப்பை மட்டும் கொடுத்தால், அவர் ஓடுகிற தண்டமும் உங்கள் பெயரில்தான் விழும்.