மோர் பிரிந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை!

மோர்ப் பானையைத் திறந்ததும் மேலே மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளையாகத் தயிர். பார்த்ததும் 'கெட்டுப்போச்சு' என்று கீழே ஊற்றிவிடுகிறவர்கள் நிறைய பேர். அந்த நிறம் பாலில் இயல்பாகவே உள்ள பி2 வைட்டமினுடையது. பெரும்பாலும் அந்த மோருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

மதுரையில் என் பெரியம்மா வீட்டுத் தெருவில் ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவுக்கும் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். லீவு கிடைத்தால் நானும் டம்ளர் எடுத்துக் கொடுக்கப் போவேன். பெரியம்மாவின் கவலை மோர் தீர்ந்துவிடுவது பற்றியல்ல. "முதல்ல வர்றவங்களுக்கும் கடைசியில வர்றவங்களுக்கும் ஒரே மோர் போகணும்டி" என்பார். கலக்காமல் மொண்டுகொண்டே இருந்தால் அது நடக்காது. ஒருவருக்கு வெறும் புளித்தண்ணீர் போகும், இன்னொருவருக்கு அடியில் தங்கிய கட்டி போகும். வெயிலில் நடந்து வந்தவர் கையில் தண்ணீரைக் கொடுத்து 'மோர்' என்று சொல்ல முடியுமா?

சரி, ஏன் பிரிகிறது? பால் உறையும்போது அதிலுள்ள கேசின் என்ற புரதம் வலை போலப் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதுதான் தயிர். கடையும்போது அந்த வலை துணுக்குகளாக உடைகிறது. துணுக்குகள் தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் மெல்ல அடியில் இறங்கும். துணுக்கு பெரிதாக இருந்தாலும், தண்ணீர் அதிகமாக இருந்தாலும் சீக்கிரம் இறங்கிவிடும். வெயிலில் வைத்தால் மோர் மேலும் புளிக்கும். அப்போது துணுக்குகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, இன்னும் வேகமாகப் பிரியும்.

இஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. இஞ்சிச்சாறு சூடான பாலைத் திரியவைப்பது அதனால்தான். ஏற்கெனவே உறைந்த மோரில் அது அவ்வளவு வேலை காட்டாது. ஆனால், காலையில் போட்ட இஞ்சி மாலைவரை ஊறினால் லேசான கசப்பு தட்டலாம். நாரும் கறிவேப்பிலைத் துண்டுகளும் டம்ளருக்கு டம்ளர் ஒரே அளவில் வராது என்பது இன்னொரு தொல்லை.

பெரியம்மாவின் வழி எளிது. மோரை மொத்தமாகக் கரைத்து வைக்கவே மாட்டார். அரை லிட்டர் புளிக்காத தயிரில் முதலில் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் மட்டும் விட்டு, கட்டி ஒன்றுகூட இல்லாதபடி மத்தால் கடைவார். மிக்ஸி என்றால் சில நொடிகள் போதும். அதிக நேரம் ஓடினால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். அரை அங்குல இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் உப்பு, சிட்டிகை பெருங்காயம் எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுவார். சாறு மட்டும் மோருக்குப் போகும்.

கடைந்த தயிரும் சாறும் தனித்தனியே ஃப்ரிட்ஜில் இருக்கும். கூட்டம் வரும்போது இரண்டையும் சேர்த்து, ஒன்றரை லிட்டர் பானைத் தண்ணீர் விட்டுக் கலப்பார். சுமார் 10 டம்ளர் வரும். அது தீர்ந்தபிறகுதான் அடுத்த கலவை. பிரிவதற்கு மோருக்கு நேரமே கிடைக்காது. ஊற்றும் ஒவ்வொரு முறையும் கரண்டி அடிவரை போய் வரவேண்டும்.

ஐஸ் கட்டியை மோருக்குள் போடக் கூடாது. உருக உருகத் தண்ணீர் கூடி, உப்பும் உறைப்பும் குறையும், பிரிவதும் வேகமாகும். பாத்திரத்தைப் பெரிய அண்டாவில் வைத்துச் சுற்றிலும் ஐஸைக் கொட்டினால் போதும். தாளிப்பு வேண்டுமென்றால் நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். கொதிக்கும் எண்ணெய் விழுந்த இடத்தில் புரதம் இறுகித் திப்பி திப்பியாகிவிடும். அதை எவ்வளவு கலக்கினாலும் பழையபடி கரையாது, வடிகட்டத்தான் வேண்டும்.

வீட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து குடிக்க வேண்டுமென்றால், ஒரு கைப்பிடி குழைந்த சாதத்தை மைய அரைத்து மோரில் கரைத்துவிடலாம். கஞ்சித்தன்மை துணுக்குகள் இறங்குவதைத் தாமதப்படுத்தும். முழுதாகத் தடுக்காது. அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

பிரிந்ததா, கெட்டதா என்று அறிய ஒரு கரண்டி போதும். கலக்கியதும் ஒன்றுசேர்ந்து வழக்கமான புளிப்பு வாசனை வந்தால், தாராளமாகக் குடிக்கலாம். தானாக நுரைத்தாலோ, நூல் போல இழுத்தாலோ, வேறு நாற்றம் வந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.