மூலையில் நிமிரப் பார்க்கும் கம்பி

ஊமச்சிகுளத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்கு சென்ட்ரிங் அடித்து முடித்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறி, லாண்டிங்கில் திரும்பி, மீதியை எதிர்த்திசையில் ஏறும் படிக்கட்டு. பொறியாளர்கள் இதை ‘டாக் லெக்’ என்கிறார்கள். நாயின் பின்னங்காலை ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தால் பெயர்க்காரணம் தெரிந்துவிடும்.

கம்பி மேஸ்திரி கம்பியை விட்டுவிட்டு, லாண்டிங்குக்குப் பின்னால் ஓடும் பீமைத்தான் முதலில் காட்டினார். “வீட்டுக்காரர் இங்க தரையிலிருந்து கண்ணாடி வைக்கணும், பீமை எடுத்துருங்கன்னார். எடுத்தா நம்ம கம்பி எல்லாம் திசை மாறணும் சார்.”

அவர் சொன்னது சரி. இந்த வீட்டில் சாய்தளமும் லாண்டிங்கும் ஒரே பலகைபோல, மாடித் தளத்துப் பீமிலிருந்து பின்பக்கப் பீம்வரை 3.6 மீட்டர் தாண்டுகின்றன. அதனால் மெயின் கம்பி ஏறும் திசையிலேயே லாண்டிங்கையும் கடந்து பின்பீமுக்குள் போகிறது. பின்பீம் இல்லையென்றால் லாண்டிங் இடமும் வலமும் உள்ள சுவர்களைப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு சாய்தளங்களும் தங்கள் பாரத்தை அதன்மேல் இறக்கும். அப்போது லாண்டிங்கின் மெயின் கம்பி குறுக்கே ஓட வேண்டும், கனமும் கூட வேண்டியிருக்கும்.

பாரம் எவ்வளவு? படிக்கு அடியிலுள்ள சாய்வுத் தளத்தின் கனம் 175 மி.மீ. ஒரு படி 150 மி.மீ. உயரம், 250 மி.மீ. அகலம். சரிவைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்குத் தளம் 510 கிலோ, படிகள் ஏறத்தாழ 190, பூச்சும் கல்லும் 100, ஆள் நடமாட்டத்துக்கு 300. ஆக 1,100 கிலோ. லாண்டிங்கில் சரிவும் இல்லை, படிகளும் இல்லை, அதனால் 840 கிலோதான். மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 1.7 டன் பின்பீமில் போய் உட்காருகிறது. இதை ஒன்றரை மடங்காக்கி வடிவமைத்தால் 10 எம்.எம். கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் போட்டால் போதும். குறுக்கே 8 எம்.எம்., 200 மி.மீ.க்கு ஒன்று.

கணக்கு இத்தோடு முடிந்துவிடும். தப்பு நடப்பது வளைவில்தான்.

சாய்தளம் மேலேறி லாண்டிங்கில் மட்டமாகும் இடத்தில், அடிப்பக்கம் ஒரு மூலை விழுகிறது. உதவிக்கு வந்த பையன் நாலு கம்பிகளைப் பலகையின் போக்கிலேயே வளைத்து, அந்த மூலையை ஒட்டிக் கட்டியிருந்தான். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. ஒரு முழம் கட்டுக்கம்பியை எடுத்து அதே கோணத்தில் வளைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுத்தார். வளைவு நிமிர்ந்து கீழே இறங்கியது. “பாரம் வந்தா அடிக்கம்பி இப்படித்தான் இழுபடும். நிமிரப் பார்க்கும். கீழே என்ன இருக்கு? 20 எம்.எம். கவர். அதைத் தள்ளிட்டு வந்துரும்டா.”

இதை நான் வேறொரு வீட்டில் பார்த்திருக்கிறேன். படிக்கு அடியில், லாண்டிங் தொடங்கும் கோட்டில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நேர்கோடாக ஒரு விரிசல். பூச்சு விரிசல் என்று வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். சுத்தியால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொள்ளென்று ஒலித்தது. பூச்சு விரிசல் கண்டபடி வலைபோல ஓடும். ஒரே கோட்டில், அதுவும் மூலையிலேயே நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

இந்த மூலைக்குச் சரியான கட்டு எளிது. சாய்தளத்து அடிக்கம்பி மூலையில் வளையாமல் நேரே ஏறி, லாண்டிங்கின் மேல்முகத்துக்குப் போய், அங்கே மட்டமாகப் படுக்கும். லாண்டிங்கின் அடிக்கம்பியும் அப்படியே எதிர்ப்பக்கம் நீண்டு, சாய்தளத்தின் மேல்முகத்தைப் பிடிக்கும். மூலைக்கருகே இரண்டும் கத்தரிக்கோல்போல் குறுக்கிட்டுக் கடக்கின்றன. கடந்த பிறகு ஒவ்வொன்றும் அரை மீட்டராவது போக வேண்டும். எம்25 கான்கிரீட்டில் 10 எம்.எம். கம்பி பிடிப்பெடுக்க ஏறத்தாழ 490 மி.மீ. தேவை.

அதே லாண்டிங்கிலிருந்து எழும் இரண்டாவது சாய்தளத்தில் விஷயம் தலைகீழ். அங்கே மட்டத்திலிருந்து மேலே திரும்புவதால், நிமிரப் பார்க்கும் அடிக்கம்பி கான்கிரீட்டுக்கு உள்ளேதான் அழுத்துகிறது. அதனால் ஒரே கம்பியை வளைத்துக்கொண்டே போகலாம். ஆனால் மேல்கம்பி போட்டால் அதற்கு இதே ஆபத்து உண்டு. ஒரே லாண்டிங்கில் ஒரு பக்கம் தப்பாவது மறுபக்கம் சரியாக இருப்பதால்தான், பல வருட அனுபவமுள்ளவர்கூட இங்கே ஏமாந்துபோகிறார்.

பையன் நாலு கம்பிகளின் கட்டையும் கொக்கியால் பிரித்து, கம்பி வளைக்கும் கட்டைக்கு எடுத்துப்போனான். மேஸ்திரி சாக்பீஸால் பலகையில் மூலைக்கு அப்பால் 500 என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடு போட்டார். “இந்தக் கோட்டைத் தாண்டாத கம்பி எனக்கு வேண்டாம்.”